கச்சான் காற்றும் கறுப்பு பியரும்

பார்லிவைன், இம்பீரியல் ஸ்டவுட் போன்ற கனமான பியர்களை வருடக்கணக்கில் வைத்துக் குடிக்கிறவர்கள் எல்லோரும் சொல்லும் ஒரு வாசகம் உண்டு: குளிர்ச்சியான, இருட்டான அலுமாரியில் வையுங்கள். சொல்கிறவர்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள். அவர்கள் நினைக்கும் அலுமாரி, வருடம் முழுக்க 10 முதல் 14 பாகைக்குள் நிற்கும் நிலவறை மூலை. மட்டக்களப்பில் ஆண்டுச் சராசரியே 27, 28 பாகை. கச்சான் வீசும் மாதங்களில் பகலில் 33ஐத் தாண்டும். அம்பாறைப் பக்கம் இன்னும் வெக்கை. கதவைப் பூட்டினால் அலுமாரி இருட்டாகும், குளிராகாது. அப்படியானால் இங்கே வைத்த போத்தலுக்குள் என்ன நடக்கிறது?

முதலில், எந்த வெக்கையும் இல்லாத நல்ல நிலவறையில் நடப்பதைப் பார்ப்போம். சாதாரண பியர் பழசாகும்போது முதலில் எழும் கெட்ட மணம் நனைந்த காட்போட் மட்டையின் மணம். டிரான்ஸ்-2-நொனெனல் என்ற அல்டிகைட்டுதான் காரணம். மிகமிகச் சிறிய அளவிலேயே மூக்கு அதைப் பிடித்துவிடும். 5 வீத மதுசாரமுள்ள லாகரில் அதை மறைக்க ஒன்றும் இல்லை. 10 வீதப் பார்லிவைனில் மதுசாரம், மீதமிருக்கும் இனிப்பு, முளைக்கவைத்து உலர்த்திய பார்லியான மோல்ட்டின் கனம் எல்லாம் சேர்ந்து அதை அமுக்கிவிடுகின்றன. ஸ்டவுட்டில் வறுத்த மோல்ட்டிலிருந்து வரும் கருநிறச் சேர்வைகள் ஒட்சிசனையும் ஓரளவு தாங்கிக்கொள்ளும்.

இதற்கிடையில் வேறு மூன்று மாற்றங்கள் மெதுவாக நடக்கின்றன. பியருக்குப் போடும் ஹொப்ஸ் பூவின் கசப்பு குறைகிறது. அந்தக் கசப்புச் சேர்வைகள் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று சீக்கிரம் சிதையும், மற்றது பல வருடம் நிற்கும். அதனால் கசப்பு முழுதாக மறையாமல் கூர் மழுங்குகிறது. அடுத்தது, புதுப் பியரில் வாழைப்பழ வாசம் தரும் எசுத்தர் நீர்ப்பகுப்படைந்து போய், வைன் போன்ற வாசமுள்ள வேறு எசுத்தர்கள் கூடுகின்றன. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. அமினோ அமிலங்களும் சீனிகளும் ஒட்சிசனும் சேர்ந்து செய்யும் வேலையில் உலர்ந்த திராட்சை, பேரீச்சம்பழம், பாதாம், ஷெரி வைன் ஆகியவற்றின் மணங்கள் பிறக்கின்றன. பழைய பார்லிவைனின் ஷெரி மணத்தில் சொடோலோன் என்ற சேர்வைக்கும் பங்குண்டு. ஒட்சிசன் கொஞ்சம் இருந்தால் வரம், கூடினால் மட்டைதான்.

இனி வெக்கை. இரசாயனத் தாக்கங்கள் வெப்பநிலை 10 பாகை கூடினால் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு வேகமாகும் என்பது பொதுவான கணக்கு. நிலவறை 13 பாகை, நம் அலுமாரி 28 பாகை என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 15. இரண்டு மடங்குக் கணக்கில் வேகம் 2.8 மடங்கு, மூன்று மடங்குக் கணக்கில் 5.2 மடங்கு. நிலவறையில் ஐந்து வருடம் எடுக்கும் மாற்றம் இங்கே ஒன்றே முக்கால் வருடத்திலோ, ஒரு வருடத்துக்கும் சற்றுக் குறைவாகவோ நடந்து முடிய வேண்டும். கேட்க நல்லாத்தான் இருக்கிறது: ஐந்து வருடம் காத்திருக்கத் தேவையில்லையே!

ஆனால் அப்படி நடப்பதில்லை. எல்லாத் தாக்கங்களும் ஒரே மடங்கில் வேகமாவதில்லை, அதுதான் சிக்கல். சில 2 மடங்கு, சில 5 மடங்கு. ஆகவே வெக்கையில் இருந்த பியர், சீக்கிரம் மூப்படைந்த அதே பியர் அல்ல. கலவையின் விகிதமே மாறிவிட்டது. புகை போட்டுப் பழுக்க வைத்த மாங்காய் நிறம் பிடித்துவிடும், மரத்தில் பழுத்ததன் சுவை வராது, அந்தக் கதைதான். லாகர் பியரில் செய்த சோதனைகளில், 25 பாகையில் வைத்தவற்றில் கருகிய சீனியின் சாயலும், 30 பாகைக்கு மேல் வைத்தவற்றில் மட்டை மணமும் முந்தி நின்றன. நம் ஊர் அலுமாரி அந்த இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுகிறது.

போத்தலுக்குள் உயிருள்ள மதுவம் இருந்தால் இன்னொரு விஷயமும் உண்டு. அடியில் மெல்லிய படிவு தெரிந்தால் மதுவம் இருக்கிறது என்று பொருள். குளிரில் அது மீதி ஒட்சிசனை உறிஞ்சிப் பியரைக் காக்கும். வெக்கையில் சீக்கிரம் செத்து, கலம் உடைந்து, உள்ளிருப்பதைப் பியரில் கலந்துவிடும். அப்போது வருவது சோயா சோஸின் வாசம், இறைச்சிச் சாறு போன்ற ஒரு உவர்ப்பு. கூடவே வெளிவரும் நொதியங்கள் நுரையைத் தாங்கும் புரதத்தை வெட்டுவதால் நுரை நிற்காது. இம்பீரியல் ஸ்டவுட்டில் ஒரு துளி சோயா சாயல் எனக்குப் பிடிக்கும், ஆனால் அது முன்னுக்கு வந்துவிட்டால் கோப்பையை வைத்துவிட வேண்டியதுதான்.

இதை வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. 8.8 வீதமுள்ள லயன் ஸ்டவுட் இங்கே கிடைக்கிற கனமான கறுப்பு பியர். ஒரே தொகுதித் திகதியுள்ள நாலு போத்தல் எடுத்து, இரண்டைப் பிரிட்ஜின் அடித்தட்டிலும் இரண்டை உள் அறை அலுமாரியின் அடியிலும் நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் மூடி ஓரத்துப் பஞ்சில் பியர் படும், படிவும் பக்கவாட்டில் ஒட்டும். மூன்று மாதம் கழித்து இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்து, ஒரே வெப்பநிலைக்கு, 14 பாகை அளவுக்கு வந்தபின் திறந்து அருகருகே ஊற்றுங்கள். பிரிட்ஜ் போத்தலில் கோப்பியும் சொக்லேட்டும் கூர்மையாக இருக்கும். அலுமாரிப் போத்தலில் அந்தக் கூர் மழுங்கிப் பேரீச்சம்பழமும் பாணியும் எட்டிப்பார்க்கக்கூடும். அடுத்த இரண்டையும் இன்னும் ஆறு மாதம் விட்டுப் பாருங்கள். மட்டை மணம் மேலே வந்திருந்தால் உங்கள் அலுமாரியின் எல்லை அதற்குள் முடிந்துவிட்டது.

புளிப்பு வேறு விஷயம். திறந்தவுடன் நுரை பொங்கி வழிந்து, சுவையும் புளித்திருந்தால் அது மூப்பு அல்ல, பக்டீரியாவோ காட்டு மதுவமோ புகுந்த வேலை. வெக்கை அதையும் வளர்க்கும். வாவிக்கரை உப்புக் காற்றில் மூடி துருப்பிடிப்பதையும் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள், துரு ஓரத்துக்குள் இறங்கினால் காற்று புகும்.

உண்மையிலேயே வருடக்கணக்கில் வைக்க ஆசையென்றால் இரண்டு வழி. ஒரு பழைய சின்னப் பிரிட்ஜை வெளியிலிருந்து கட்டுப்படுத்தும் வெப்பநிலைச் சுவிட்சில் மாட்டி 13 பாகையில் நிறுத்தலாம். மின்வெட்டில் சில மணித்தியாலம் போனாலும் நிறைந்த பிரிட்ஜ் மெதுவாகத்தான் சூடாகும், பெரிய கேடில்லை. மற்றது, மலைநாட்டில் உறவுக்காரர் இருந்தால் அவர்கள் வீட்டு அலுமாரி. நுவரெலியாவின் சராசரி 16 பாகைக்கு அருகில். அங்கே வைத்தால் நிலவறையின் ஐந்து வருடக் கணக்கு ஏறத்தாழ நாலு வருடத்தில் வரும். என்ன, திருப்பிக் கேட்கும்போது போத்தல் இருக்க வேண்டும்.

மதுசாரம் கூடியதெல்லாம் வைக்கத் தகுந்தது என்றும் நினைக்கக்கூடாது. கடைகளில் 8.8 வீத வெளிர் நிற லாகர்களும் நிற்கின்றன. அவற்றில் மூப்படைந்து சுவையாக மாற மோல்ட்டின் கனமோ வறுவலோ இல்லை, மட்டையை மறைக்கவும் ஒன்றுமில்லை. அவற்றை வாங்கிய கிழமையிலேயே குளிரவைத்துக் குடித்துவிடுவது நல்லது.