தாய்வீட்டில் விடுபட்ட 16 மாத்திரைகள்

எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குத் தலைப்பிரசவம் என்றால் நான் முதலில் கேட்பது, "தாய்வீட்டுக்குப் போவியாம்மா? அங்கே யாருக்குத் தெரியும்?" என்றுதான்.

ஒரு பெண், வயது 23. மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனையில்தான் அவளுக்கே தெரிந்தது. உடனே வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை தொடங்கினோம். மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, தினமும் இரவில் ஒன்று. எட்டாம் மாதம் பார்த்தபோது ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. சுகப்பிரசவம், குழந்தை 2.7 கிலோ. குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கத் தினமும் ஒன்றரை மில்லி நெவிரபின் சிரப், ஆறு வாரத்துக்கு. சிகிச்சையே இல்லாமல் தாய்ப்பாலும் கொடுத்தால் 100 குழந்தைகளில் 45 வரை தொற்றலாம். இவளைப்போல் மருந்து எடுத்தால் அது 5-க்கும் கீழே. தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்லி அனுப்பினோம்.

45-ஆம் நாள் தடுப்பூசிக்கு வந்தாள். மாத்திரை டப்பாவை வாங்கி எண்ணினேன். கொண்டுபோனது 60, மீதி 15 இருக்க வேண்டும். இருந்தது 31.

"அம்மா பக்கத்துலயே படுக்கிறாங்கக்கா. டப்பாவைத் திறந்தா சத்தம் கேக்குது."

அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். பாட்டி சேனை வைத்திருக்கிறார், தினமும் சர்க்கரைத் தண்ணீரும் கொடுக்கிறார். வெளி உணவு சேர்ந்தால் குழந்தையின் குடல் உறை புண்ணாகி, பாலில் வரும் வைரஸ் நுழைய வழியாகிவிடும். ஆனாலும் எனக்குச் சேனையைவிட அந்த 16 மாத்திரைதான் பயம். மாத்திரை விட்டுப்போனால் சில வாரங்களில் வைரஸ் மறுபடி பெருகும், பாலிலும் வரும். தாய்க்கு ஒரு அறிகுறியும் தெரியாது.

"பாலை நிறுத்திடட்டுமாக்கா?" என்றாள். வேண்டாம் என்றார் மருத்துவர். அன்றே வைரஸ் அளவு பார்க்க ரத்தம் எடுத்தார். நிறுத்த வேண்டிய சிரப்பைத் தொடரச் சொல்லி, இன்னொரு தடுப்பு மருந்தான ஜிடோவுடின் சிரப்பையும் சேர்த்தார். குழந்தையின் குதிகாலில் குத்தி, அட்டையில் ரத்தச் சொட்டுகளைக் காயவைத்து, வைரஸே இருக்கிறதா என்று பார்க்க அனுப்பினோம். தொற்று இல்லை என்று வந்தது. அதோடு முடியாது, பால் குடிக்கும்வரை ஆபத்து இருக்கிறது. அதனால் 6-ஆம் மாதம், 12-ஆம் மாதம், பால் மறந்து ஆறு வாரம் கழித்து என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். இடையில் வெளி லேபில், எதிர்ப்பொருளைத் தேடும் சாதாரண எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்துப் பயந்துகொள்பவர்கள் உண்டு. தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரைகூட இருக்கலாம் என்பதால், அதற்கு முன் அந்த டெஸ்டில் 'பாசிட்டிவ்' வந்தாலும் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

சரி, மாத்திரைக்கு என்ன வழி? அவள் அம்மா காலையில் நூறு நாள் வேலைக்குப் போய்விடுவார். மாத்திரையைப் பத்து மணிக்கு மாற்றினோம். காலையில் போட்டுவந்த இரும்புச்சத்து மாத்திரை இரவுக்குப் போனது. இரண்டையும் வெறும் வயிற்றில் சேர்த்துப் போட்டால் ஏ.ஆர்.டி. மருந்து உடம்பில் சரியாகச் சேராது. டப்பாவின் லேபிளைக் கிழித்துக்கொள், வேறு டப்பாவில் மட்டும் கொட்டாதே, ஈரம் பிடித்துவிடும் என்றேன்.

அடுத்த மாதம் எண்ணியபோது கணக்குச் சரியாக இருந்தது. 18-ஆம் மாதப் பரிசோதனையிலும் குழந்தைக்குத் தொற்று இல்லை. அவள் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.