பூம் எந்தப் பக்கம் கிடக்கிறது?

வாடைக்காற்று நேர் வடக்கிலிருந்து வீசுகிறது. உங்கள் பாய்மரப் படகு, முடிந்தவரை காற்றை ஒட்டியபடி வடகிழக்கே போகிறது. எதிரே இன்னொரு படகு காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு தெற்கு நோக்கி வருகிறது. திசைகாட்டியை வைத்துப் பார்க்கிறீர்கள். அது தெரியும் கோணம் மாறவில்லை, படகு மட்டும் பெரிதாகிக்கொண்டே வருகிறது. மோதும் போக்கு இது. யார் ஒதுங்குவது?

1972-ம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் 12-வது விதி இதற்கானது. இரண்டு படகுகளும் வெவ்வேறு பக்கத்தில் காற்றை வாங்கினால், இடப்பக்கத்தில் வாங்குபவர் ஒதுங்க வேண்டும். உங்களுக்குக் காற்று இடப்பக்கம்தான். ஆனால் பின்காற்றில் வருகிறவருக்கு எந்தப் பக்கம்? அதை அவருடைய பூம் சொல்லும். பெரிய பாயின் அடியை நீட்டிப் பிடித்திருக்கும் கட்டை அது. பாய் எந்தப் பக்கம் கிடக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கமே காற்றுப் பக்கம் என்று விதி கணக்கில் கொள்கிறது.

அவருடைய பூம் அவருக்கு இடப்பக்கம் கிடந்தால் அவருக்கு வலக்காற்று. ஒதுங்க வேண்டியவர் நீங்கள். வலப்பக்கம் கிடந்தால் இருவருக்கும் இடக்காற்று. அப்போது காற்று வரும் திசையில் இருப்பவர், அதாவது அவர், ஒதுங்க வேண்டும். நடைமுறையிலும் இது சரிதான். நீங்கள் இன்னும் கொஞ்சம் காற்றை நோக்கித் திரும்பினாலே பாய் படபடத்து வேகம் போய்விடும். அவருக்கோ இரு பக்கமும் திரும்ப இடம் இருக்கிறது.

சிக்கல் எங்கே வரும் என்றால், முன்னால் பலூன் போல உப்பிய ஸ்பின்னேக்கர் பாய் பூமை மறைக்கும்போது. விதி இதையும் யோசித்திருக்கிறது: இடக்காற்றில் போகும் நீங்கள், காற்று வரும் பக்கமிருக்கும் படகின் காற்றுப் பக்கத்தை உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால், நீங்களே ஒதுங்க வேண்டும். வலக்காற்றில் போகிறவருக்கு இந்தக் குழப்பமே இல்லை. எதிரே வருபவரின் பூம் எந்தப் பக்கம் இருந்தாலும் அவரே ஒதுங்கியாக வேண்டும்.

ஆகவே ஒதுங்க வேண்டியவர் நீங்கள் என்றால், தாமதிக்காமல் சுக்கானைத் திருப்பி, படகின் முகப்பைக் காற்றுக்குக் குறுக்கே கடத்தி வடமேற்கே போய்விடுங்கள். திருப்பம் அவர் கண்ணில் படும்படி பெரிதாக இருக்கட்டும். அஞ்சு பாகை, பத்து பாகை என்று நழுவினால் அவருக்கு எதுவும் புரியாது. ஒதுங்க வேண்டாதவருக்கும் கடமை உண்டு: போக்கையும் வேகத்தையும் மாற்றாமல் வர வேண்டும். மற்றவர் ஒதுங்கவில்லை என்று தெளிவானால் அவரும் விலகலாம். மோதலைத் தவிர்க்க வேறு வழியில்லாத நெருக்கத்தில் விலகியே ஆக வேண்டும்.

இதெல்லாம் முந்திச் செல்லாத வரைதான். முன்னால் போகும் படகின் பக்கவாட்டுக் கோட்டுக்கு 22.5 பாகைக்கும் அதிகமாகப் பின்னாலிருந்து நெருங்கினால் நீங்கள் முந்துபவர். இரவில் அதன் பின்புற வெள்ளை விளக்கு மட்டும் தெரியும். பக்கவாட்டுச் சிவப்போ பச்சையோ தெரியாது. சந்தேகமாக இருந்தால் முந்துவதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது வலக்காற்று, இடக்காற்று எதுவும் பேச முடியாது. இன்ஜின் படகை முந்தும் பாய்மரப் படகும் ஒதுங்கியே போக வேண்டும். பாதி முந்திய பிறகு கோணம் மாறினாலும், முழுவதும் கடந்து விலகும் வரை அந்தப் பொறுப்பு தீராது.

பந்தயத்துக்குப் போகிறவர்கள் மட்டும் இதைக் கொஞ்சம் மறந்துவிட வேண்டும். பந்தய விதிகளில் பின்னால் வருபவர் ஒதுங்குவது ஒரே பக்கக் காற்றில் போகும் படகுகளுக்குத்தான். காற்றுப் பக்கம் வேறானால், முன்னால் போனாலும் இடக்காற்றுக்காரர்தான் ஒதுங்க வேண்டும்.