'மேலும்' போட்டால் பத்திகள் ஒட்டிவிடுமா?

குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் கட்டுரைத் தாளுக்கு 250 மதிப்பெண். மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரைகள் எழுத வேண்டும், ஒவ்வொன்றும் 1000 முதல் 1200 சொற்கள். தமிழிலும் எழுதலாம். பத்திக்கு நூறு, நூற்றிருபது சொல் என்று கணக்கிட்டால் ஒரு கட்டுரைக்குப் பத்துப் பத்தி வரும். பயிற்சிக் கட்டுரைகளைத் திருத்தும்போது அடிக்கடி கண்ணில் படும் குறை, தகவல் போதாமை அல்ல. தனித்தனியாகப் பார்த்தால் பத்திகள் நன்றாகவே இருக்கும். ஒரு பத்திக்கும் அடுத்த பத்திக்கும் என்ன உறவு என்பதுதான் தெரியாது. எழுதியவருக்கும் அந்த இடைவெளி உறுத்தியிருக்கும். அதனால்தான் பத்திக்குப் பத்தி 'மேலும்', 'எனினும்', 'எனவே' என்று போட்டிருப்பார்.

சென்னையின் நீர்ச் சிக்கல் பற்றிய ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வோம். அதன் பத்திகளின் முதல் வாக்கியங்களை மட்டும் வரிசையாக எழுதினால் இப்படி வருகிறது:

"2015 டிசம்பரில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தது."
"மேலும், 2019 கோடையில் கடும் குடிநீர்ப் பஞ்சம் ஏற்பட்டது."
"மேலும், பள்ளிக்கரணை சதுப்புநிலம் முக்கியமான ஒன்றாகும்."
"எனினும், 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது."
"எனவே, நீரை நாம் பாதுகாக்க வேண்டும்."

இரண்டாம் பத்தியையும் மூன்றாம் பத்தியையும் இடம் மாற்றிப் பாருங்கள். எதுவும் உடையாது. பத்திகளை இடம் மாற்றியும் கட்டுரை அப்படியே நிற்குமானால், கையில் இருப்பது பட்டியல்; அதில் வாதம் இன்னும் பிறக்கவில்லை. 'மேலும்' என்ற சொல் 'இன்னொன்றும் உண்டு' என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. நான்காம் வாக்கியத்தில் 'எனினும்' எதை மறுக்கிறது? சதுப்புநிலம் முக்கியம் என்பதையா? அங்கே முரணே இல்லை. இல்லாத உறவை இணைப்புச் சொல்லால் உண்டாக்க முடியாது. இருக்கும் உறவைச் சுட்டிக் காட்டத்தான் முடியும்.

உறவை எங்கிருந்து கொண்டுவருவது? முந்தைய பத்தியைப் படித்து முடித்தவர் மனதில் எழும் கேள்வியிலிருந்து. அந்தக் கேள்விக்கான பதிலே அடுத்த பத்தியின் கருத்து வாக்கியம், அதாவது அந்தப் பத்தியின் மையக் கருத்தைச் சொல்லும் வாக்கியம். முதலில் கட்டுரை முழுமைக்கும் ஒரு நிலைப்பாடு வேண்டும். இங்கே அது: "சென்னையின் வெள்ளமும் வறட்சியும் பெரிதும் ஒரே இழப்பின் விளைவுகள், மழையைத் தேக்கிவைக்கும் இடத்தை நகரம் இழந்துவிட்டது." இனி ஒவ்வொரு பத்தியும் இதை ஒரு படி நகர்த்த வேண்டும்.

முதல் பத்தி: "நான்கே ஆண்டு இடைவெளியில் சென்னை வெள்ளத்தையும் பார்த்தது, வறண்ட ஏரிகளையும் பார்த்தது." படிப்பவர் உடனே கேட்பார்: இது வானத்தின் கோளாறுதானே?

இரண்டாம் பத்தி அதற்குப் பதில்: "இரண்டுக்கும் வானத்தை மட்டும் குறை சொல்ல முடியாது, சென்னைக்குச் சராசரியாக ஆண்டுக்கு 1400 மில்லிமீட்டர் அளவில் மழை கிடைக்கிறது." அப்படியானால் சிக்கல் எங்கே?

மூன்றாம் பத்தி: "மழையின் அளவைவிட அது வரும் விதமே சிக்கல்: பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுவதால், பிடித்துவைக்க இடம் வேண்டும்." அந்த இடம் இல்லையா?

நான்காம் பத்தி: "அந்த இடம்தான் சுருங்கிப்போனது, பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் கணிசமான பகுதி குப்பைக்கிடங்காகவும் கட்டடங்களாகவும் மாறியது." அரசு ஒன்றும் செய்யவில்லையா?

ஐந்தாம் பத்தி: "இழந்த இடத்துக்கு ஈடாக 2003இல் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது, ஆனால் ஒரு கூரை பிடிக்கும் நீர் ஓர் ஏரி பிடிக்கும் நீருக்கு ஈடாகாது."

தகவல்கள் கிட்டத்தட்ட அதேதான். இப்போது மூன்றையும் நான்கையும் இடம் மாற்றிப் பாருங்கள். 'அந்த இடம்' எது என்று தெரியாமல் வாசகர் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றமே இழை இருப்பதற்கு அடையாளம். ஐந்து வாக்கியங்களிலும் பத்தித் தொடக்கத்தில் ஓர் இணைப்புச் சொல்கூட இல்லை என்பதையும் கவனியுங்கள். 'அந்த இடம்தான்' என்பதில் உள்ள 'தான்', 'இரண்டுக்கும்' என்பதில் உள்ள 'உம்' ஆகியவையே இணைத்துவிடுகின்றன. தமிழில் இந்த இடைச்சொற்கள் செய்யும் வேலையைப் பலர் மறந்து, ஒவ்வொரு முறையும் 'மேலும்' தேடுகிறார்கள்.

இந்த வாக்கியங்களுக்குள் ஓர் ஒழுங்கும் இருக்கிறது. முந்தைய பத்தியிலிருந்து வரும் பழைய செய்தி முன்னால் நிற்கிறது. புதிய செய்தி பின்னால், பயனிலையை நோக்கி வருகிறது. தமிழ் வாக்கியம் வினையில் முடிவதால் இந்த அமைப்பு இயல்பாகவே பொருந்தும். அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாவதை நாம் அறிவோம். ஆனால் உரைநடையில் சொல்லை மட்டும் திருப்பிச் சொன்னால் போதாது. "…ஏரிகள் அழிந்தன" என்று முடித்து, "ஏரிகள் பலவகைப்படும்" என்று தொடங்கினால் சொல் ஒட்டியிருக்கும், கருத்து அறுந்திருக்கும்.

தனியே எச்சரிக்க வேண்டியது 'இதனால்'. பத்தியின் முதல் சொல்லாக அது வரும்போது, முந்தைய பத்தியின் ஏழெட்டு வாக்கியங்களில் எதைச் சுட்டுகிறது என்று வாசகர் தேட வேண்டியிருக்கிறது. கூடவே ஒரு பெயர்ச்சொல்லைச் சேர்த்துவிடுங்கள்: 'இந்தச் சுருக்கத்தால்', 'இந்த இழப்பால்', 'இந்த அலட்சியத்தால்'. அந்தப் பெயர்ச்சொல் முந்தைய பத்தியை ஒரே சொல்லில் தொகுத்துவிடும். எந்தப் பெயரைப் போடுவது என்று தெரியாமல் பேனா நின்றால், முந்தைய பத்திக்கு ஒரே கருத்து இல்லை என்று பொருள். அங்கே திருத்த வேண்டியது முந்தைய பத்தியைத்தான்.

பத்தியின் கடைசி வாக்கியத்திலும் ஒரு பழக்கம் உண்டு: "இனி இதற்கான தீர்வுகளைக் காண்போம்." அடுத்து என்ன வரும் என்று இது சொல்கிறது, ஏன் வருகிறது என்று சொல்வதில்லை. அதை வெட்டிவிட்டு, பத்தியை அதன் சொந்த முடிவில் நிறுத்துங்கள்.

எல்லாப் பத்திக்கும் முதல் வரியிலேயே கருத்து வாக்கியம் வந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு காட்சியோடு தொடங்கும் முதல் பத்தியில் அது கடைசியில் வரலாம். ஒரே கருத்துக்கான சான்று நீண்டுபோனால் இரண்டு பத்திகள் ஒரு கருத்து வாக்கியத்தைப் பகிரலாம். காரணங்களிலிருந்து தீர்வுக்குத் திரும்புவது போன்ற பெரிய திருப்பத்துக்கு, இரண்டே வாக்கியத்தில் ஒரு சிறு பாலப் பத்தியும் போடலாம். கட்டுரைக்கு ஒன்று போதும்.

தேர்வறையில் கருத்து வாக்கியங்களை இப்படி முன்கூட்டியே கோத்துவைக்க ஆகும் நேரம் பதினைந்து, இருபது நிமிடம். ஒரு கட்டுரைக்குக் கிடைக்கும் தொண்ணூறு நிமிடத்தில் அது அதிகம் என்று தோன்றலாம். ஆனால் பத்துக் கருத்து வாக்கியங்களையும் முதலில் எழுதிவிட்டால், பிறகு அடுத்து என்ன என்று யோசித்து நிற்க வேண்டியிருக்காது. எழுதியபின் அவற்றை மட்டும் ஒருமுறை படியுங்கள். எந்த இரண்டுக்கும் இடையில் கேள்வி எழவில்லையோ, அங்கே வரிசையை மாற்றுங்கள் அல்லது அந்தப் பத்தியைக் கைவிடுங்கள். பாதி எழுதியபின் ஒரு பத்தி ஒட்டவில்லை என்று தெரிந்தால் முழுதாக அடிக்க வேண்டாம். அடுத்த பத்தியின் முதல் வாக்கியத்தைக் கொஞ்சம் நீட்டி, அந்த விலகல் நிலைப்பாட்டுக்கு எப்படிப் பயன்படுகிறது என்று சொல்லிவிட்டு மேலே போகலாம்.