பிரிட்ஜில் வைத்த பாதி வெங்காயம் விஷமாகுமா?

மட்டக்களப்புப் பக்கம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்கிறேன். வாந்தி, வயிற்றோட்டம் என்று அறிவித்தல் வந்து ஒரு வீட்டுக்குப் போனால், என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் சில வீடுகளில் பதில் தயாராக இருக்கிறது: "வெட்டின வெங்காயத்த பிரிட்ஜில வச்சிட்டம் சேர், அதான்." வட்ஸ்அப்பில் பல வருடமாகச் சுற்றுகிற ஒரு செய்திதான் இதற்குக் காரணம். வெட்டிய வெங்காயம் சுற்றியுள்ள கிருமியை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும், ஒரே இரவில் நஞ்சாகிவிடும், மிச்சத்தை உடனே வீசிவிட வேண்டும் என்கிறது அது.

அது உண்மையில்லை. வெங்காயத்துக்குக் கிருமியை இழுக்கும் சக்தி எதுவும் கிடையாது. பிரிட்ஜுக்குள் இருக்கும் கிருமி தானாகப் பறந்து வந்து வெங்காயத்தில் ஏறிக்கொள்வதுமில்லை. பாலுக்குப் பக்கத்தில் வெங்காயத்தைத் திறந்து வைத்தால் பாலில் வெங்காய வாசம் அடிக்குமல்லவா? வெங்காயத்திலிருந்து வெளியே போகிற வாசம் அது. கந்தகம் கலந்த இந்த வாசப்பொருட்கள் வெங்காயத்தை வெட்டும்போதுதான் உண்டாகின்றன. கண்ணில் நீர் வருவதும் இவற்றில் ஒன்றினால்தான். இவை கிருமி வளர்வதைக் கொஞ்சம் தடுக்கவும் செய்கின்றன. அதோடு வெங்காயச் சாறு இலேசான அமிலம், புரதமும் குறைவு. மீன், கோழி, பால், சோறு ஆகியவற்றோடு பார்த்தால் கிருமி பெருகுவதற்கு வெங்காயம் அவ்வளவு வசதியான இடமில்லை. முழுப் பாதுகாப்பு என்று சொல்லவும் மாட்டேன், அதற்குப் பிறகு வருகிறேன்.

சிலர் வெங்காயம் கறுத்துப்போவதை அத்தாட்சியாகக் காட்டுவார்கள். வெட்டிய முகம் காற்றுப்பட்டு நிறம் மாறுவது இயல்பு. உள்ளே இருந்த நொதிகள் வெளியே வந்து ஒட்சிசனோடு சேரும்போது அப்படி நடக்கிறது, கத்தரிக்காயை வெட்டி வைத்தாலும் இதேதான். காய்ச்சல்காரரின் கட்டிலடியில் வெங்காயத்தை வெட்டி வைத்துவிட்டு, காலையில் கறுத்திருந்தால் "காய்ச்சலை இழுத்திட்டுது" என்று ஆறுதலடைகிற வீடுகளும் இருக்கின்றன. டெங்கு காலத்தில் இது எனக்கு உண்மையாகவே பயத்தைத் தருகிறது. இரத்தம் சோதிக்க வேண்டிய நாள் அப்படியே போய்விடும்.

அந்தச் செய்தியில் 1919 காய்ச்சல் காலத்துக் கதை ஒன்றும் ஒட்டியிருக்கும். ஒரு விவசாயி வீடெல்லாம் வெங்காயம் வைத்தாராம், வைத்தியர் அதை நுண்நோக்கியில் பார்த்தபோது உள்ளே காய்ச்சல் வைரஸ் தெரிந்ததாம். மனிதரைத் தாக்கும் இன்ஃபுளுவென்சா வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்தது 1933இல். சாதாரண நுண்நோக்கியில் பார்க்க முடியாத அளவு சிறியது அது. 1919இல் எந்த வைத்தியருக்கும் அது தெரிந்திருக்க வழியே இல்லை.

வெங்காயத்தின் மேல் பழி போட்டால் என்ன நட்டம், ஒரு வெங்காயம்தானே என்று கேட்கலாம். களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.

தாய், தகப்பன், அம்மம்மா, சின்ன மகன் என்று நாலு பேருக்கும் ஒரே காலையில் வாந்தி. ஏழரை மணிக்குச் சாப்பிட்டிருக்கிறார்கள், பத்து மணிக்குள் நாலு பேரும் படுத்துவிட்டார்கள். காய்ச்சல் இல்லை. வயிற்றோட்டமும் பெரிதாக இல்லை. முதல்நாள் இரவு பாதி வெங்காயத்தைப் பிரிட்ஜில் வைத்து, காலையில் அதை அரிந்து சோறு பொரித்திருக்கிறார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் மிச்ச வெங்காயத்தை வளவுக்குள் புதைத்தும் விட்டார்கள்.

"கிருமியெல்லாம் அதுக்குள்ளதான் தம்பி போயிருக்கு, நான் அப்பவே சொன்னன்" என்றார் அம்மம்மா.

மூத்த மகள் மட்டும் சுகமாக நின்றாள். அவளும் அதே வெங்காயத்தைத்தான் சாப்பிட்டிருந்தாள், அதுவும் பச்சையாக. வகுப்புக்குப் போகிற அவசரத்தில் பாணும் தேங்காய்ச் சம்பலும் தின்றுவிட்டுப் போயிருக்கிறாள். சம்பலில் போட்டது அந்தப் பாதியிலிருந்து அரிந்த வெங்காயம். பொரித்த சோற்றை அவள் தொடவில்லை.

"சோறு எப்ப ஆக்கினது, அக்கா?" என்று தாயிடம் கேட்டேன்.

"நேத்துப் பகல் ஒரு மணிக்கு. இரவு ஆரும் பெரிசாச் சாப்பிடல்ல. பானையோட மூடி வச்சிட்டன். நல்லாத்தான் இருந்தது, மணம் ஒண்டும் அடிக்கல்ல."

பகல் ஒரு மணியிலிருந்து காலை ஏழு மணி வரை பதினெட்டு மணித்தியாலம். அடுப்படியின் சூட்டில், மூடிய பானைக்குள், தண்ணீரும் ஊற்றாமல் இருந்த சோறு. அரிசியில் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சாதாரணமாகவே இருக்கும். சோறு கொதித்தாலும் அவை சாவதில்லை. சோறு மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சு ஒன்றைச் சோற்றிலேயே விட்டுவிடும். காலையில் தாச்சியில் எவ்வளவுதான் பொரித்தாலும் கிருமி சாகுமே தவிர நஞ்சு போகாது. நிறமோ மணமோ மாறாமலும் இருக்கலாம். சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் வாந்தி தொடங்கி, அனேகமாக ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். இந்த வீட்டிலும் அப்படித்தான் அடங்கியது. ஜீவனி கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னோம். மகனை மட்டும் வைத்தியசாலையில் காட்டினார்கள், சின்னப் பிள்ளைக்கு நீரிழப்பு சீக்கிரம் வந்துவிடும் என்பதால்.

ஆய்வுகூடத்துக்கு அனுப்ப ஒரு பிடி சோறுகூட மிஞ்சவில்லை. அதனால் எழுத்தில் உறுதிப்படுத்த முடியாது. ஆனால் நேரமும் அறிகுறியும் யார் எதைச் சாப்பிட்டார்கள் என்பதும் சோற்றைத்தான் காட்டின. இதில் எனக்குப் பட்ட கவலை என்னவென்றால், அந்த வீட்டில் அதற்குப் பிறகு வெங்காயத்தைத்தான் வைக்காமல் விட்டிருப்பார்கள். நான் கேட்காமல் போயிருந்தால் சோற்றுப்பானை அதே இடத்தில் இருந்திருக்கும்.

சரி, வெங்காயத்தால் நோயே வராதா? வரும். 2020இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சிவப்பு நிறப் பெரிய வெங்காயத்திலிருந்து சல்மொனெல்லா பரவி 1,600க்கும் அதிகமானவர்கள் பாதிக்கப்பட்டார்கள். வீட்டுப் பிரிட்ஜில் காற்றிலிருந்து உறிஞ்சிய கிருமியல்ல அது. ஒரே நிறுவனத்திலிருந்து வந்த வெங்காயம் வீடுகளுக்குப் போகுமுன்பே அசுத்தப்பட்டிருந்தது. நம் வீட்டிலும் கிருமி வெங்காயத்துக்கு வருவது தொடுகையால்தான்: கோழி வெட்டிய கத்தி, மீன் துப்பரவாக்கிய பலகை, கழுவாத கை. கோழியை வெட்டிய கத்தியைச் சும்மா தண்ணீரில் காட்டிவிட்டு வெங்காயம் அரிந்தால், கோழியைச் சமைப்பதால் அதிலுள்ள கிருமி சாகும். சலாதுக்கு வைத்த வெங்காயத்தில் இருப்பது அப்படியே வாய்க்குள் போகும். கலியாண வீடுகளில் புரியாணிக்கான சலாதை விடியவே அரிந்து, பகல் வரை பெரிய சட்டியில் வெளியே வைப்பதைக் காண்கிறேன். அங்கே நான் பார்ப்பது வெங்காயத்தின் வயதையல்ல, கத்தியையும் பலகையையும், வெளியே இருந்த நேரத்தையும்தான். வெட்டியதை வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது. நம்மூர் வெயிலில் ஒரு மணித்தியாலத்தோடு நிறுத்துவது நல்லது.

பச்சை வெங்காயத்தைவிட எண்ணெயில் வதக்கிய வெங்காயத்துக்கு நான் அதிகம் பயப்படுவேன். 1983 ஒக்டோபரில் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் பியோரியா என்ற ஊரில், ஓர் உணவகத்தில் மாஜரினில் வதக்கிய வெங்காயத்தைச் சாப்பிட்ட 28 பேருக்குப் பொட்டுலிசம் வந்தது. தசையையும் மூச்சையும் முடக்கும் நோய் அது. இந்தக் கிருமியின் வித்து மண்ணில் இருப்பது, மண்ணுக்குள் விளையும் வெங்காயத்தோடும் வரலாம். பச்சை வெங்காயத்தில் அதனால் ஒன்றும் செய்ய முடியாது, காற்று இருக்கும் இடத்தில் அது வளராது. வதக்கும்போது மற்றக் கிருமிகள் சாகின்றன, வித்து தப்பிவிடுகிறது. மேலே எண்ணெய் மூடிக்கொள்ள, காற்றில்லாமல் இளஞ்சூட்டில் மணிக்கணக்காக இருந்தால் வித்து முளைத்து நஞ்சை உண்டாக்கும். ஆகவே கொத்துக் கடைகளில் கல்லடுப்புக்குப் பக்கத்தில் எண்ணெய் மிதக்க வதக்கிய வெங்காயத்தைக் காலையிலிருந்து இரவு வரை வைத்திருந்தால் நான் விடமாட்டேன். ஒன்றில் 60 பாகைக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பிரிட்ஜுக்குப் போக வேண்டும். வீட்டுச் சீனிச்சம்பலுக்குப் புளியும் சீனியும் ஓரளவு காவல் என்றாலும், அதையும் பிரிட்ஜில் வைத்து ஈரமில்லாத கரண்டியால் எடுப்பதே சரி.

இப்போது அந்தப் பாதி வெங்காயத்துக்கு வருவோம். வெட்டும்போது வேர்ப்பக்கப் பாதியை மிச்சம் வையுங்கள், தோலோடும் வேரோடும் இருந்தால் இதழ் பிரியாமல் இருக்கும். மூடியுள்ள பெட்டியில் போட்டு, மீன், கோழி வைக்கும் தட்டுக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் மீன் தண்ணீர் சொட்டும். பிரிட்ஜ் 5 பாகைக்குக் கீழே இருந்தால் ஒரு வாரம் வரை பயன்படுத்தலாம். நம் வீட்டுப் பிரிட்ஜ்கள் நாள் முழுதும் திறபடுவதால், மூன்று நாலு நாளில் சமையலுக்கு முடித்துவிடுங்கள், பச்சையாகச் சாப்பிடுவதென்றால் மறுநாளே முடியுங்கள் என்றுதான் நான் சொல்வது. பிரிட்ஜின் குளிரை அறிய, நடுத்தட்டில் ஒரு கப் தண்ணீர் வைத்து அதற்குள் வெப்பமானியை இரவு முழுக்க விட்டுக் காலையில் பாருங்கள். கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் பிரிட்ஜை நிறுத்திவைக்கிற கடைகளில் இந்தச் சோதனை பல பேரைத் திகைக்க வைத்திருக்கிறது.

வெட்டிய முகம் உலர்ந்து, இலேசாக நிறம் மாறியிருந்தால் ஒரு மெல்லிய சீவலை அரிந்து எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமையுங்கள். தொட்டால் வழுவழுப்பு, அமுக்கினால் தண்ணீர் விடுதல், புளித்த நாற்றம், பூஞ்சணம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முழுவதையும் வீசுங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் நாலு மணித்தியாலத்துக்கு மேல் போய்விட்டால், பாலையும் சமைத்த கறிகளையும் மீனையும் முதலில் கவனியுங்கள். வெட்டிய வெங்காயத்தைப் பச்சையாகச் சாப்பிட வேண்டாம்.

இவ்வளவும் கவனமாக இருந்தும் வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாக வாந்தி வந்தால், சந்தேகமான சாப்பாட்டை வீசவோ புதைக்கவோ வேண்டாம். சோறு, கறி, சம்பல் எல்லாவற்றிலும் கொஞ்சம் வெவ்வேறு சுத்தமான பெட்டிகளில் மூடி, யாரும் தின்னாதபடி பிரிட்ஜில் வைத்துவிட்டு, உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அன்றைக்கே சொல்லுங்கள். யார் எதைச் சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, வாந்தி எப்போது தொடங்கியது என்று ஒரு கடதாசியில் எழுதி வைத்திருந்தால் எங்கள் வேலையில் பாதி முடிந்துவிடும்.