கனவைக் கிளப்புவது மூளையின் எந்தப் பகுதி?

கனவுக்கு அர்த்தம் தேடுவதே வீண் வேலை என்று நினைக்கும் பலர் தங்களை அறியாமல் ஒரு குறிப்பிட்ட கோட்பாட்டின் பக்கம் நிற்கிறார்கள். 1977இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஆலன் ஹாப்சனும் ராபர்ட் மெக்கார்லியும் முன்வைத்த 'தூண்டல்–தொகுப்பு' கோட்பாடு அது. அடக்கி வைத்த ஆசைகள்தான் கனவாக வேடம் போட்டு வருகின்றன என்று ஃப்ராய்ட் சொல்லி அப்போது முக்கால் நூற்றாண்டு கடந்திருந்தது. கனவுக்கு ஆசை எதுவும் வேண்டியதில்லை, மூளைத்தண்டில் உள்ள சில நரம்பணுக்கள் சுறுசுறுப்பானாலே போதும் என்றார்கள் இந்த இருவரும்.

அவர்கள் சொன்ன வழிமுறை இது. தூக்கத்தில் தோராயமாகத் தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை 'ரெம்' கட்டம் வருகிறது. மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அலைகின்றன, உடல் தசைகள் தளர்ந்து செயலிழக்கின்றன, மூளையின் மின்னலைகளோ விழித்திருப்பவருடையதைப் போல இருக்கின்றன. இந்தக் கட்டத்தை இயக்கும் விசை மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில் இருக்கிறது. லியோனில் மிஷெல் ஜூவே பூனைகளிடம் செய்த சோதனைகளில் இது தெரிந்தது: பான்ஸைச் சிதைத்தால் ரெம் போய்விடும், அதற்கு மேலேயுள்ள மூளையைத் துண்டித்தாலும் கீழே ரெம்மின் அடையாளங்கள் தொடரும். நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைப் போலச் செயல்படும் கார்பகால் என்ற மருந்தைப் பூனையின் பான்ஸில் செலுத்தி ரெம் கட்டத்தை வரவழைக்கவும் முடிந்தது. ரெம் தொடங்கும்போது அதே வகை வேதிப்பொருள்களான நாரட்ரினலினும் செரட்டோனினும் சுரக்கும் அணுக்கள் ஏறக்குறைய முழுதாக ஓய்ந்துவிடுகின்றன. அசிட்டைல்கோலின் சார்ந்தவை ஓங்குகின்றன. அங்கிருந்து கிளம்பும் மின்துடிப்புகள் பார்வைக்கும் அசைவுக்கும் உடல் சமநிலைக்கும் உரிய பகுதிகளைத் தட்டி எழுப்புகின்றன. இது தூண்டல். ஒன்றோடொன்று ஒட்டாத இந்தச் சமிக்ஞைகளைக் கையில் இருக்கும் நினைவுகளோடு கோத்து முன்மூளை ஒரு கதையாக்கப் பார்க்கிறது. இது தொகுப்பு.

இந்தப் படம் பலவற்றை ஒரே வீச்சில் விளக்கியது. சமநிலைச் சுற்றுகள் கிளர்ந்தால் பறப்பது போலவும் விழுவது போலவும் தோன்றும். நாரட்ரினலின் இல்லாதபோது புது நினைவு பதிவதில்லை, ஆகவே எழுந்த சில நிமிடங்களில் கனவு கரைந்துவிடுகிறது. தொண்ணூறுகளின் நடுவில் வந்த பெட் ஸ்கேன் ஆய்வுகளும் துணை நின்றன. ரெம்மின்போது பான்ஸும் உணர்ச்சிக்குரிய அமிக்டலாவும் வேகமாக இயங்க, மூளையின் வெளியடுக்கான புறணியில், எடைபோட்டு முடிவெடுக்கும் முன்நெற்றிப் பகுதியின் மேல்பாகம் அடங்கியிருந்தது. செத்துப்போன தாத்தா வந்து பேசினாலும் கனவில் நமக்கு ஏன் சந்தேகமே வருவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இன்றும் இல்லை என்பேன்.

ஆனால் இந்தக் கட்டடம் முழுவதும் ஒரே ஒரு சமன்பாட்டின் மேல் நிற்கிறது: ரெம் என்றால் கனவு, கனவு என்றால் ரெம். அதற்கான அடிப்படை 1957இல் வில்லியம் டெமெண்டும் நதானியேல் கிளைட்மனும் செய்த ஆய்வு. தூங்குபவர்களை ரெம்மில் 191 முறை எழுப்பியபோது 152 முறை கனவு சொன்னார்கள். ரெம் அல்லாத தூக்கத்தில் 160 முறை எழுப்பியதில் 11 முறைதான் கனவு வந்தது. ஏறத்தாழ எண்பது விழுக்காட்டுக்கு எதிரே ஏழு. இவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் பார்த்த பிறகு யாரும் அதை மறுபரிசீலனை செய்ய அவசரப்படவில்லை.

கோளாறு கேள்வியிலேயே இருந்தது. 'கனவு கண்டீர்களா?' என்று கேட்டால், படமும் கதையுமாக ஏதாவது ஓடியிருந்தால்தான் ஒருவர் ஆமாம் என்பார். 1962இல் டேவிட் ஃபவுக்ஸ் கேள்வியை மாற்றி, 'எழுப்புவதற்கு முன் மனத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது?' என்று கேட்டார். ரெம் அல்லாத தூக்கத்திலும் பாதிக்கு மேற்பட்ட முறை ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவற்றில் பல சின்னச் சின்ன எண்ணங்கள்தாம். ஆனால் ஒரு பகுதியை, குறிப்பாக விடியலுக்கு முந்தையவற்றை, ரெம் கனவிலிருந்து பிரித்தறிவதே கடினம். ஃபவுக்ஸ் பின்னாளில் குழந்தைகளையும் ஆய்வகத்தில் தூங்கவைத்துப் பார்த்தார். மூன்று முதல் ஐந்து வயதுள்ளவர்களை ரெம்மில் எழுப்பினால் மூன்றில் ஒரு முறைகூடக் கனவு கிடைக்கவில்லை. கிடைத்தவையும் அசையாத படம் போல இருந்தன. பெரியவர்களின் அளவை எட்ட ஒன்பது, பத்து வயதாகிறது. ரெம் அந்த வயதில் குறைவில்லை, பான்ஸும் நன்றாகவே வேலை செய்கிறது. அப்படியிருந்தும் கனவு வருவதில்லை என்றால், தொகுக்கும் முன்மூளைக்கு இந்தக் கோட்பாடு கொடுத்த எடுபிடி வேடம் போதாது.

அடுத்த அடி நரம்பியல் நோயாளிகளிடமிருந்து வந்தது. மார்க் சோம்ஸ் தம்மிடம் வந்த 361 நோயாளிகளிடம் கனவைப் பற்றி விசாரித்து 1997இல் முடிவுகளை வெளியிட்டார். கனவே நின்றுபோனவர்களிடம் மூளைத்தண்டுப் பாதிப்பு முக்கியக் காரணமாக இல்லை. பின்மண்டையை ஒட்டி மூன்று மடல்கள் சந்திக்கும் இடமோ, நெற்றிக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கும் வெண்ணிழைகளோ பழுதாகியிருந்தன. அந்த வெண்ணிழைகள்தாம் ஒருகாலத்தில் மனநோய்க்காக 'லூக்காட்டமி' அறுவையில் வெட்டப்பட்டவை. வெட்டுப்பட்டவர்களில் பெரும்பாலோர் கனவை இழந்ததாகப் பழைய பதிவுகள் சொல்கின்றன. அந்தப் பாதையில் ஓடுவது டோபமைன், அதாவது ஆர்வத்தையும் வேட்கையையும் கிளப்பும் வேதிப்பொருள். 1980இல் எர்னஸ்ட் ஹார்ட்மன் இரவின் முதல் ரெம் முடிந்தபின் தன்னார்வலர்களுக்கு, மூளையில் டோபமைனாக மாறும் எல்-டோபா மருந்தைக் கொடுத்தார். கனவுகள் அடர்த்தியாயின, ரெம்மின் அளவோ மாறவில்லை. சோம்ஸ் இதிலிருந்து ஃப்ராய்டின் ஆசைக் கோட்பாட்டுக்கே உயிர்கொடுக்க முயன்றார். அவ்வளவு தூரம் போகச் சான்று இடம் தருவதாக எனக்குத் தோன்றவில்லை. டோபமைன் பாதை இயங்குவது வேறு, அடக்கப்பட்ட ஓர் ஆசை உருமாறி வருவது வேறு.

சோம்ஸின் சான்றில் ஒரு ஓட்டையும் உண்டு. 'எனக்குக் கனவே வருவதில்லை' என்று நோயாளி காலையில் சொன்னால், கனவு வரவில்லையா, வந்து மறந்துவிட்டதா? படுக்கையருகே கேட்கும் கேள்வியால் இதைத் தீர்க்க முடியாது. இதைச் சரியாகச் சோதிக்க வாய்ப்பளித்தவர், சுவிட்சர்லாந்தில் மத்தியாஸ் பிஷோஃபும் கிளாடியோ பஸெட்டியும் 2004இல் விவரித்த 73 வயதுப் பெண்மணி. பக்கவாதத்தால் அவருடைய பின்மண்டை மடல்கள் இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்டன. பார்வைக் கோளாறுகள் சில நாளில் பெரும்பாலும் சரியாகின. ஆனால் வாரத்துக்கு மூன்று நான்கு கனவு கண்டுகொண்டிருந்தவருக்கு அதன்பின் ஒன்றுமே வரவில்லை. ஆறு வாரங்களில் பல இரவுகள் அவருடைய தூக்கத்தை மின்முனைகள் பொருத்திப் பதிவு செய்தார்கள். ரெம் வழக்கம்போல வந்து போனது. ரெம்மின் நடுவிலேயே எழுப்பிக் கேட்டார்கள், ஒருமுறைகூடக் கனவு இல்லை. பகல்நேர நினைவாற்றல் கெடவில்லை என்பதால் வெறும் மறதி என்று தள்ளிவிடுவது கடினம். மூன்று மாதங்களுக்கு மேல் இப்படியே இருந்து, பிறகு எப்போதாவது ஒரு கனவு தலைகாட்டத் தொடங்கியது. பான்ஸ் தன் வேலையைச் செய்துகொண்டிருக்க, புறணியின் ஒரு மூலை பழுதானதால் மட்டும் கனவு நின்றுபோனது. ஒரே ஒரு நோயாளிதான், இருந்தாலும் தூண்டல்–தொகுப்பின் பழைய வடிவத்துக்கு இது பெரிய சேதம். கனவு ரெம்முக்கு வெளியேயும் நிகழ்வதை ஹாப்சனும் பிற்காலத்தில் ஏற்றுக்கொண்டு மாதிரியைத் திருத்தினார்.

அப்படியானால் புறணியில் எங்கே? 2017இல் ஃப்ரான்செஸ்கா சிக்லாரியும் விஸ்கான்சினில் உள்ள ஜூலியோ டொனோனி குழுவினரும் செய்தது இது. தலையில் 256 மின்முனைகள் பொருத்தித் தூங்கவைத்து, இரவெல்லாம் இடைவெளி விட்டு ஓர் ஒலியால் எழுப்பி, அதற்குச் சற்று முன் மனத்தில் கடைசியாக இருந்தது என்ன என்று கேட்டார்கள். விடைகள் மூன்று வகை: கனவும் அதன் விவரமும், ஏதோ கண்டேன் ஆனால் நினைவில்லை, எதுவும் இல்லை. இரண்டாம் வகையைத் தனியே பிரித்ததில்தான் நுட்பம் இருக்கிறது, மறதியும் வெறுமையும் ஒரே கணக்கில் சேராது. ரெம்மாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், கனவு இருந்த நேரங்களில் மூளையின் பின்பகுதியில் மெதுவான அலைகள் குறைந்திருந்தன. எழுப்புவதற்கு முன்பே இந்த அடையாளத்தைப் பார்த்துக் கனவு உண்டா இல்லையா என்று ஊகித்ததில் 87 விழுக்காடு சரியாக வந்தது. ஆனால் 2020இல் வேறொரு குழு, எந்தப் பதிவு யாருடைய விடைக்கு உரியது என்று தெரியாமல் ரெம் அல்லாத தூக்கப் பதிவுகளை அலசியபோது அவர்களால் பிரிக்க முடியவில்லை. ஆகவே பின்பகுதியை வலுவான சந்தேக நபர் என்று சொல்லலாம், தீர்ப்பு இன்னும் வரவில்லை.

இதுவரை பார்த்தது கனவு எப்படி உண்டாகிறது என்பது. எதற்காக என்று கேட்டால் சான்றுகள் சட்டென்று மெலிந்துவிடுகின்றன. ஃபின்லாந்தின் அன்டி ரெவோன்சுவோ 2000இல் சொன்ன ஆபத்து ஒத்திகைக் கோட்பாட்டின்படி, துரத்தலும் தாக்குதலும் நிறைந்த கனவுகள் நம் முன்னோர்களுக்கு உயிர்தப்பும் பயிற்சி. போரின் கொடுமைகளைக் கண்ட குர்திஷ் குழந்தைகளுக்கு ஃபின்லாந்துக் குழந்தைகளைவிட ஆபத்துக் கனவுகள் அதிகம் வந்தது இதற்கு இசைந்தது. ஆனால் குற்றங்கள் அதிகமுள்ள தென்னாப்பிரிக்காவின் மாணவர்களையும் வேல்ஸ் மாணவர்களையும் ஒப்பிட்டபோது விடை எதிர்த்திசையில் வந்தது. உண்மையான ஆபத்திலிருந்து ஒருவர் வெற்றிகரமாகத் தப்பும் கனவுகளும் மிகக் குறைவு. ஒத்திகையில் கடைசிக் காட்சியே நடப்பதில்லை என்றால் அது என்ன ஒத்திகை?

நினைவைப் பதப்படுத்தவே கனவு என்னும் கோட்பாட்டின் கை கொஞ்சம் ஓங்கியிருக்கிறது. எலி விழித்திருக்கும்போது ஓடிய பாதையை, நினைவைப் பதியும் மூளைப்பகுதியான அதன் ஹிப்போகேம்பஸ் தூக்கத்தில் மீண்டும் ஓட்டிப் பார்ப்பது 1994இல் தெரியவந்தது. ஆனால் எலி அப்போது கனவு கண்டதா என்று கேட்க வழியில்லை. மனிதரில், 2010இல் எரின் வாம்ஸ்லியும் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் கணினித் திரையில் ஒரு புதிர்வழியைக் கற்றுக்கொடுத்து, ஒரு பகுதியினரைப் பகலில் தூங்கவைத்தார்கள். தூங்கியவர்கள் ஐம்பது பேரில் நால்வர்தான் அந்தப் புதிர்வழி தொடர்பான கனவைச் சொன்னார்கள். மறுசோதனையில் அந்த நால்வரின் முன்னேற்றம் மற்றவர்களுடையதைப் போலப் பல மடங்கு. முழு இரவுத் தூக்கத்தில் செய்த பிந்தைய ஆய்வும் இதே திசையைக் காட்டியது. கவனிக்க வேண்டியது, அந்த நால்வரும் தூங்குவதற்கு முன் சோதனையில் பின்தங்கியிருந்தவர்கள். பின்தங்கியவருக்கு மேலே ஏற நிறைய இடம் இருக்கும், மனத்திலும் அந்தப் புதிரே சுழன்றுகொண்டிருக்கும். மூளை நினைவைச் சீர்செய்தபோது கனவு உடன்விளைவாகத் தோன்றியதா, கனவே அந்தச் சீரமைப்பைச் செய்ததா என்று இந்த முறையால் சொல்ல முடியாது. அதற்குத் தூக்கத்தைக் கெடுக்காமல் கனவை மட்டும் நிறுத்தத் தெரிய வேண்டும். அந்த 73 வயதுப் பெண்மணிக்குப் பக்கவாதம் செய்ததை எந்த ஆய்வகமும் இன்னும் செய்யக் கற்றுக்கொள்ளவில்லை.