சம்பளக்காரரின் வருமான வரி: ஸ்லாபுக்கு முன்னால் நடக்கும் கணக்கு

பி.காம் வருமான வரித் தாளில் மாணவர்கள் பயப்படுவது ஸ்லாப் விகிதங்களைப் பார்த்து. ஆனால் மதிப்பெண் போகும் இடம் பெரும்பாலும் அதுவல்ல. விகிதத்தைப் போட்டுப் பெருக்குவது கடைசி நான்கு வரி வேலை. அந்த நான்கு வரிக்கு வந்துசேரும் தொகை சரியாக இருக்க வேண்டுமே, அங்கேதான் சிக்கல். எதை எந்தக் கட்டத்தில் கழிக்க வேண்டும் என்பது சட்டத்தில் வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. வரிசை மாறினால் விடையும் மாறும்.

வரிசை இதுதான். முதலில் சம்பளத்தின் ஒவ்வொரு பகுதியிலும் வரிவிலக்கு உள்ளதை நீக்கிவிட்டு, மீதியைக் கூட்டி கிராஸ் சாலரி காண வேண்டும். அதிலிருந்து பிரிவு 16-இன் கழிவுகள் போனால் சம்பள வருமானம். மற்ற தலைப்புகளின் வருமானத்தைச் சேர்த்தால் கிராஸ் டோட்டல் இன்கம். அதிலிருந்துதான் சேமிப்புக்கான 80சி, மருத்துவக் காப்பீட்டுக்கான 80டி போன்றவை கழியும். மிஞ்சுவது டோட்டல் இன்கம். ஸ்லாப் இதன்மேல்தான் வேலை செய்கிறது. வந்த வரியில் 87ஏ தள்ளுபடி இருந்தால் கழித்து, மீதிக்கு 4 சதவீதம் செஸ் போட வேண்டும்.

ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம். மதிப்பீட்டு ஆண்டு 2026-27, அதாவது 2025-26 நிதியாண்டின் வருமானம். நாற்பது வயதான திரு. அ மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறார். அடிப்படைச் சம்பளம் மாதம் 60,000. அகவிலைப்படி 10,000, அதில் பாதி மட்டும் ஓய்வூதியப் பலன்களுக்குச் சேரும். வீட்டு வாடகைப்படி 20,000. அவர் கொடுக்கும் வாடகை 18,000. ஆண்டுக்கு 2,500 ரூபாய் தொழில்வரியை நிறுவனமே கட்டிவிட்டது. சேமிப்புக் கணக்கு வட்டி 12,000. வரி கணக்கிடும் இரண்டு முறைகளில், கழிவுகள் நிறைய உள்ள பழைய முறையில் வரி காண்க என்பது கேள்வி.

முதல் பொறி வாடகைப்படி. பிரிவு 10(13ஏ) மூன்று தொகைகளைக் கண்டு, அவற்றில் குறைந்ததற்கு மட்டும் விலக்கு தருகிறது: உண்மையில் வாங்கிய படி, கொடுத்த வாடகையிலிருந்து சம்பளத்தில் 10 சதவீதத்தைக் கழித்தது, சம்பளத்தில் 40 சதவீதம். சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா என்றால் 40-க்குப் பதில் 50. 2025-26 நிதியாண்டுக்கான விதியில் பெங்களூரு அந்தப் பட்டியலில் கிடையாது. அதனாலேயே அது கேள்வித்தாளுக்குப் பிடித்த ஊர்.

இங்கே ‘சம்பளம்’ என்றால் எது? கைக்கு வரும் மொத்தம் அல்ல. அடிப்படைச் சம்பளம், அதோடு ஓய்வூதியப் பலனுக்குச் சேரும் அகவிலைப்படி, விற்பனையில் இத்தனை சதவீதம் என்று தரும் கமிஷன், அவ்வளவுதான். ஆக திரு. அ-வுக்கு 7,20,000-உடன் அகவிலைப்படியில் பாதி 60,000 சேர்த்து 7,80,000. இப்போது மூன்று தொகைகளும்: வாங்கிய படி 2,40,000. வாடகை 2,16,000-இல் 78,000 போக 1,38,000. சம்பளத்தில் 40 சதவீதம் 3,12,000. குறைந்தது 1,38,000, அது விலக்கு. மீதி 1,02,000 வரிக்கு உட்பட்டது.

அகவிலைப்படி முழுவதையும் சேர்த்துவிட்டால் விலக்கு 1,32,000 ஆகக் குறையும். ஆறாயிரம் ரூபாய்ப் பிழை, கடைசி விடையில் 1,248 ரூபாயாகத் தலைகாட்டும். உங்கள் விடைக்கும் புத்தக விடைக்கும் இந்த மாதிரி வித்தியாசம் வந்தால், அதை 0.208-ஆல் வகுத்துப் பாருங்கள். 20 சதவீத ஸ்லாபும் அதன்மேல் செஸும் சேர்ந்ததுதான் அந்த எண். பிழை எந்தத் தொகையில் நுழைந்தது என்று அநேகமாகத் தெரிந்துவிடும்.

இரண்டாவது பொறி தொழில்வரி. நிறுவனம் கட்டியதுதானே, நமக்கென்ன என்று விட்டுவிடக் கூடாது. ஊழியர் கட்ட வேண்டிய வரியை முதலாளி கட்டினால் அது ஊழியருக்குக் கிடைத்த சலுகை. முதலில் 2,500-ஐச் சம்பளத்தில் கூட்ட வேண்டும், அப்புறம் பிரிவு 16-இல் கழிக்க வேண்டும். கூட்டிக் கழித்தால் பூஜ்யம்தான், இருந்தாலும் இரண்டு வரியும் விடைத்தாளில் இருக்க வேண்டும். மதிப்பெண் அந்த வரிகளுக்கு. கழிப்பதை மட்டும் எழுதிவிட்டு, கூட்டுவதை மறப்பதுதான் வழக்கமான தவறு.

இப்போது கிராஸ் சாலரி: 7,20,000 + 1,20,000 + 1,02,000 + 2,500 = 9,44,500. கவனியுங்கள், வாடகைப்படி கணக்கில் பாதியாக நின்ற அகவிலைப்படி இங்கே முழுதாக வருகிறது. இதில் நிலைக்கழிவு 50,000, தொழில்வரி 2,500 போக 8,92,000. வட்டி 12,000 சேர்த்தால் கிராஸ் டோட்டல் இன்கம் 9,04,000.

அடுத்து 80-இல் தொடங்கும் கழிவுகள். திரு. அ வருங்கால வைப்புநிதிக்கு 72,000 கட்டியிருக்கிறார். 2018-இல் எடுத்த 3,00,000 ரூபாய் ஆயுள் காப்பீட்டுக்கு ஆண்டு பிரீமியம் 40,000. இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கு 55,000. அதில் 10,000 வளர்ச்சி நிதி. மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 18,000 காசோலையாக, குடும்பத்தின் உடல் பரிசோதனைக்கு 4,000 ரொக்கமாக.

80சி-க்கு உச்சவரம்பு 1,50,000 என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் 72,000, 40,000, 55,000 மூன்றையும் கூட்டி, 1,67,000 வருகிறது, எனவே 1,50,000 என்று எழுதிவிடத் தோன்றும். கேள்வி அமைத்தவர் எதிர்பார்ப்பதும் அதைத்தான்! ஆனால் ஒவ்வொரு இனத்துக்கும் உள்ளே தனி வரம்பு இருக்கிறது. 2012 ஏப்ரல் 1 முதல் எடுத்த பாலிசி என்றால் காப்புத் தொகையில் 10 சதவீதம் வரைதான் பிரீமியம் ஏற்கப்படும்; இங்கே 30,000. பள்ளிக்கு கட்டியதில் கல்விக் கட்டணம் மட்டுமே சேரும், வளர்ச்சி நிதியும் நன்கொடையும் சேராது, ஆக 45,000. கூட்டினால் 1,47,000. உச்சவரம்பை எட்டவே இல்லை.

80டி-யில் பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் கழிவு கிடையாது. உடல் பரிசோதனைக்கு மட்டும் ரொக்கம் செல்லும், 5,000 வரை, அதுவும் 25,000 என்ற பெரிய வரம்புக்கு உள்ளேயே. ஆக 22,000 முழுதும் கிடைக்கும். சேமிப்புக் கணக்கு வட்டிக்கு 80டிடிஏ-வில் 10,000. வட்டியை முதலில் வருமானத்தில் காட்டினால்தான் இது உண்டு. மொத்தக் கழிவு 1,79,000. டோட்டல் இன்கம் 7,25,000.

இதோ, ஸ்லாபுக்கு வந்துவிட்டோம். பழைய முறையில் அறுபது வயதுக்குக் கீழே உள்ளவருக்கு முதல் 2,50,000-க்கு வரி இல்லை. அடுத்த 2,50,000-க்கு 5 சதவீதம். 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரையுள்ள பகுதிக்கு 20 சதவீதம். அதற்கு மேல் 30. விகிதம் அந்தந்தப் பகுதிக்கு மட்டுமே. ‘சம்பளம் உயர்ந்தால் ஸ்லாப் தாண்டி, கையில் வருவது குறைந்துவிடும்’ என்று அலுவலகங்களில் பேசிக்கொள்வது ஸ்லாபைப் பொறுத்தவரை தவறு. திரு. அ-வுக்கு 5 லட்சம் வரை 12,500, மீதி 2,25,000-க்கு 45,000, ஆக 57,500. செஸ் 2,300 சேர்த்து 59,800.

ஆனால் அந்த அலுவலகப் பேச்சு உண்மையாகும் ஓர் இடம் உண்டு. அது 87ஏ தள்ளுபடி. பழைய முறையில் டோட்டல் இன்கம் 5 லட்சத்தைத் தாண்டாவிட்டால் 12,500 வரை வரி தள்ளுபடி. ஒரு பத்து ரூபாய் தாண்டினாலும் தள்ளுபடி மொத்தமும் போய்விடும். டோட்டல் இன்கத்தைப் பத்தின் மடங்காக முழுமையாக்க வேண்டும் என்கிறது பிரிவு 288ஏ. அதன்படி 5,00,004 என்பது 5,00,000 ஆகும், வரி பூஜ்யம். 5,00,005 என்பது 5,00,010 ஆகிவிடும். வரி 12,502, செஸ் சேர்த்து 13,002, அதையும் பத்தின் மடங்காக்கினால் 13,000. ஒரு ரூபாய் வித்தியாசத்துக்கு 13,000 ரூபாய். இதனால்தான் 5 லட்சத்தை ஒட்டி வரும் கணக்குகளில் முழுமையாக்கும் படியை விடவே கூடாது.

புதிய முறையில் இதே திரு. அ எப்படி இருப்பார்? வாடகைப்படி விலக்கு கிடையாது. தொழில்வரி, 80சி, 80டி, 80டிடிஏ எதுவும் கழியாது. நிலைக்கழிவு மட்டும் 75,000. கிராஸ் சாலரி 10,82,500. நிலைக்கழிவு போக 10,07,500. வட்டி சேர்த்து 10,19,500. 2025-26 நிதியாண்டுக்கான ஸ்லாப்படி 4 லட்சம் வரை வரி இல்லை, 8 வரை 5 சதவீதம், 12 வரை 10, அப்புறம் நான்கு நான்கு லட்சமாக 15, 20, 25 என்று ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30. வரி 20,000 + 21,950 = 41,950. டோட்டல் இன்கம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் 60,000 வரை தள்ளுபடி. ஆக வரி பூஜ்யம். இத்தனை பாடுபட்டுக் கண்ட கழிவுகளெல்லாம் இவருக்குத் தேவையே இல்லை. தேர்வில் மட்டும் தேவை. கேள்வியில் முறை எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறைதான் இயல்பானது. பழையதை அவர் தேர்ந்தெடுத்ததாகக் கேள்வி சொல்ல வேண்டும்.

பழைய முறையின் 5 லட்சப் பள்ளம் புதிய முறையின் 12 லட்சத்தில் இல்லை. இங்கே விளிம்பு நிவாரணம் என்று ஒன்று உண்டு. டோட்டல் இன்கம் 12,10,000 என்று வையுங்கள். ஸ்லாப்படி வரி 61,500. வருமானம் 12 லட்சத்தைத் தாண்டியது வெறும் 10,000. பத்தாயிரம் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு 61,500 வரி கேட்பது முறையல்ல என்பதால், தாண்டிய தொகைக்கு மேல் வரி இருக்கக் கூடாது என்கிறது சட்டம். வரி 10,000, நிவாரணம் 51,500, செஸ் 400, கட்ட வேண்டியது 10,400. செஸை நிவாரணத்துக்கு முன்னால் போட்டால் விடை தப்பும்.

நிவாரணம் எதுவரை போகும் என்பதையும் தெரிந்துவைப்பது நல்லது. தாண்டிய தொகை ஒவ்வொரு ரூபாய் கூடும்போதும் ஸ்லாப் வரி 15 காசு மட்டுமே கூடுகிறது. 60,000-இல் தொடங்கிய வரியைத் தாண்டிய தொகை எட்டிப்பிடிப்பது சுமார் 70,588 ரூபாயில். அதாவது 12,70,588 வரை நிவாரணம், அதற்கு மேல் வழக்கமான ஸ்லாப். கேள்வியில் 12,80,000 என்று கொடுத்திருந்தால் வரி 72,000, தாண்டியது 80,000. இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டி, நிவாரணம் இல்லை என்று எழுதிவிட்டு செஸுக்குப் போகலாம்.