புட்டும் உணரியும் மரபணுவும்: நீரிழிவு இல்லாதவருக்கு இவை எதைச் சொல்லும்?

பரந்தனில் வசிக்கும் என் மச்சாளுக்கு 41 வயது, நீரிழிவு இல்லை. ரொறன்ரோவிலிருந்து வந்த அவருடைய தம்பி கையோடு இரண்டு பொருட்களைக் கொண்டுவந்திருந்தார். ஒன்று, மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் குளுக்கோசு உணரி. மற்றது, முந்தைய வருகையின்போது எடுத்துச்சென்ற உமிழ்நீர் மாதிரியிலிருந்து தயாரிக்கப்பட்ட மரபணு உணவு அறிக்கை. நீரிழிவுக்காரருக்கென உருவான இத்தகைய உணரியை மருந்துச்சீட்டு இல்லாமலே விற்க, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில் முதன்முறையாக அனுமதி வழங்கியது. அதன் பின்னர் உடல்நலத்தோடு இருப்பவர்களும் அதை அணிகிறார்கள்.

மச்சாள் ஞாயிறு பிற்பகல் உணரியை ஒட்டினார். திங்கள் காலை அரிசிமாப் புட்டு சாப்பிட்டபோது உச்ச அளவு 161 எனக் காட்டியது (100 மில்லிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்பது கணக்கு). செவ்வாயன்று குரக்கன் புட்டுக்கு 132 மட்டுமே வந்தது. அரிசிமா தனக்கு ஒத்துவராது என்று அன்றே முடிவு கட்டிவிட்டார். நான் உயிரியல் கற்பிப்பவன் என்பதால் கைத்தொலைபேசியில் இருந்த வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார். அடுத்த வாரமும் அதே இரு நாட்களில், அதே நேரத்தில், அதே 150 கிராம் புட்டை அதே கறியுடன் சாப்பிட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். இம்முறை அரிசிமாப் புட்டுக்கு 137, குரக்கன் புட்டுக்கு 149.

இந்த நான்கு எண்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். அரிசிமாவின் சராசரி 149, குரக்கனின் சராசரி 140.5, வேறுபாடு எட்டரை. ஆனால் ஒரே அரிசிமாப் புட்டு இரு திங்கட்கிழமைகளில் தந்த எண்களுக்கு இடையிலேயே 24 வேறுபாடு இருக்கிறது, குரக்கனுக்கு 17. ஓர் உணவு தன்னோடு தானே இவ்வளவு முரண்படும்போது, இரண்டு உணவுகளுக்கு இடையே உள்ள எட்டரையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இந்த முரண்பாட்டுக்கு இரண்டு ஊற்றுகள் உள்ளன. முதலாவது கருவி. உணரியின் மெல்லிய இழை தோலுக்குக் கீழே சில மில்லிமீற்றர் ஆழத்தில் நிற்கிறது. அது தொடுவது இரத்தத்தை அன்று, கலங்களுக்கு இடையே உள்ள திரவத்தை. இழையில் பூசப்பட்ட நொதி அங்குள்ள குளுக்கோசைத் தாக்கும்போது பிறக்கும் மிகச்சிறு மின்னோட்டத்தைக் கருவி அளந்து, கணிப்பு முறையொன்றின் மூலம் இரத்த அளவாக மாற்றிச் சொல்கிறது. இரத்தத்தில் ஏறிய குளுக்கோசு அந்தத் திரவத்தை எட்டச் சில நிமிடங்கள் முதல் கால் மணி நேரம் வரை பிடிக்கும். இன்றைய நல்ல உணரிகள் ஆய்வுகூட அளவிலிருந்து சராசரியாக 8 முதல் 10 சதவீதம் விலகுகின்றன. அதாவது 140 என்று காட்டினால் உண்மை அளவு 128 ஆகவோ 152 ஆகவோ இருப்பது வியப்பில்லை. இழை நுழைந்த காயம் ஆறாத முதல் நாளில் இந்த விலகல் இன்னும் கூடும். மச்சாளின் 161 அந்த முதல் நாளுக்குள் பதிவான எண்.

ஒரு நாள் அதிகாலை இரண்டு மணிக்கு 58 என்று காட்டி அவரை எழுப்பிவிட்டதும் கருவியின் குறைதான். பாயில் உணரி இருந்த பக்கமாகச் சாய்ந்து தூங்கியதால் அவ்விடத்துத் திசு அழுந்தித் திரவ ஓட்டம் குறைந்தது. எழுந்து உட்கார்ந்த சிறிது நேரத்தில் எண் தானாக ஏறியது. விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது 89 இருந்தது. உண்மையாகவே குளுக்கோசு 58 வரை இறங்கியிருந்தால் வியர்வையோ நடுக்கமோ இருந்திருக்கலாம், உட்கார்ந்ததால் மட்டும் அது சரியாகியிராது.

இரண்டாவது ஊற்று உடல், இதுவே பெரியது. ஒரே உணரியில் இரு உணவுகளை ஒப்பிடும்போது கருவியின் நிலையான பிழை ஓரளவு கழிந்துபோகும், உடலின் அன்றாட மாற்றம் கழியாது. முதல் ஞாயிறு இரவு மச்சாள் கோயில் திருவிழாவில் நள்ளிரவு கடந்தும் விழித்திருந்தார். தூக்கம் குறைந்தால் மறுநாள் இன்சுலின் அவ்வளவு திறமாக வேலை செய்யாது. இரண்டாம் திங்கள் அவர் சாப்பிட்டவுடன் பாடசாலைக்கு நடந்தே போனார். நடக்கும் தசை குளுக்கோசை இழுத்துக்கொள்ளும். முதல்நாள் இரவுணவும் மாதவிடாய்ச் சுழற்சியும் இரைப்பை காலியாகும் வேகமும்கூட எண்ணை அசைக்கும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்களின் ஆய்வாளர்கள், நீரிழிவு இல்லாதவர்களைத் தங்கள் ஆய்வு விடுதியில் வைத்து, அளந்த உணவை ஏறத்தாழ ஒரு வார இடைவெளியில் இருமுறை கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே உணவுக்கு ஒருவரிடம் காணப்பட்ட ஏற்றத்தாழ்வு, வெவ்வேறு உணவுகளுக்கிடையே காணப்பட்டதற்கு இணையாக இருந்தது என்று 2025இல் வெளியிட்டார்கள். வீட்டுச் சமையலின் ஏறுமாறு எதுவுமற்ற அந்த விடுதியிலேயே அப்படியென்றால், பரந்தனில் ஒருமுறை பார்த்த எண்ணை நம்பி ஓர் உணவை விலக்குவது நியாயமாகாது.

161 என்பதே அச்சத்துக்குரிய எண்ணா என்றால், அதுவும் இல்லை. நீரிழிவு இல்லாத 150 பேருக்கு மேற்பட்டோர் உணரி அணிந்த, 2019இல் வெளியான ஆய்வொன்றில், நாளின் 96 சதவீத நேரம் 70க்கும் 140க்கும் இடையே கழிந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் 140க்கு மேலே போனார்கள். சாப்பிட்டபின் சிறிது நேரம் ஏறி இறங்குவது நலமான கணையத்தின் இயல்பு.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை வேறொன்று. உணரிக்குக் குளுக்கோசைத் தவிர வேறெதுவும் தெரியாது. எண்ணெயில் பொரித்த ரோல்ஸ் இரண்டு சாப்பிட்டால் கொழுப்பு இரைப்பையை மெதுவாக்கி வரைபடத்தைத் தட்டையாக்கும். பயற்றங்கஞ்சி குடித்தால் கோடு அதைவிட உயரலாம். வரைபடத்தை மட்டும் பார்ப்பவர் ரோல்ஸைத் தேர்ந்தெடுப்பார். இரத்தக் கொலஸ்ட்ரோலும் உப்பும் அங்கே தெரிவதில்லை.

இனி அந்த அறிக்கை. உமிழ்நீரிலுள்ள கலங்களிலிருந்து மரபணுப் பொருளைப் பிரித்து, முன்கூட்டியே தெரிவுசெய்த இடங்களில் அதன் நான்கு வேதி எழுத்துகளில் எது இருக்கிறது என்று பார்க்கிறார்கள். அந்த வாசிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பிழை அதிலிருந்து அறிவுரைக்குத் தாவும் இடத்தில் நேர்கிறது. மச்சாளுக்குக் ‘கொழுப்புக் குறைந்த உணவு பொருந்தும் மரபணு வகை’ என்று எழுதியிருந்தது. ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் இதையே நேரடியாகச் சோதித்து 2018இல் வெளியிட்டது. 609 பேரில் ஒரு பாதியினர் கொழுப்பையும் மறுபாதியினர் மாச்சத்தையும் ஓராண்டு குறைத்தார்கள். முதற்குழு சராசரியாக 5.3 கிலோவும் மற்றக் குழு 6 கிலோவும் எடை குறைந்தன. தம் மரபணு வகைக்குப் ‘பொருந்திய’ உணவை உண்டவர்கள் பொருந்தாததை உண்டவர்களைவிடக் கூடுதலாக மெலியவில்லை.

ஒற்றை மரபணு தெளிவாகப் பேசும் இடமும் உண்டு. பாலிலுள்ள லக்ரோசைச் செரிக்கும் நொதி, பெரியவர்களிடமும் சுரக்குமா என்பதை ஓர் எழுத்து மாற்றம் பெரிதும் தீர்மானிக்கிறது. மச்சாளின் அறிக்கை அவருக்கு அந்த மாற்றம் இல்லை என்றது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அத்தகையோரில் பெரும்பாலானவர்கள் ஒரு கோப்பைப் பாலை இடரின்றித் தாங்குவார்கள். அதைவிடக் குறைந்த பாலுள்ள தேநீரை இருபது ஆண்டுகளாக அவர் தினம் இருவேளை குடித்துவருகிறார். அவருடைய வயிறு ஏற்கெனவே தந்த விடையை அறிக்கை மாற்றிவிடாது.

உணரியில் ஒரு பயன் இருக்கிறது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழிந்தும் 140க்கு மேலே நிற்பது, அதிகாலை அளவு 100ஐத் தாண்டி நிற்பது, இவை பல நாட்கள் தொடர்ந்து வந்தால் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். நீரிழிவை உறுதிசெய்வது நாளத்திலிருந்து எடுத்த இரத்தமே: வெறுவயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், அல்லது 75 கிராம் குளுக்கோசு குடித்து இரண்டு மணி நேரத்தில் 200 அல்லது அதற்கு மேல், அறிகுறி இல்லாதவருக்கு அதையும் இரண்டாம் முறை பார்த்தே சொல்வார்கள். மச்சாளின் தாயாருக்கு நீரிழிவு இருந்தது; அந்தக் குடும்ப வரலாறு அந்த அறிக்கையின் பக்கங்களைவிடக் கனமானது என்பதால், கிளிநொச்சிக்குப் போய் இரத்தம் கொடுத்தார். வெறுவயிற்றில் 92, குளுக்கோசு குடித்து இரண்டு மணி நேரத்தில் 118. மூன்று ஆண்டுகளில் மறுபடியும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.